அடித்தலும் திருத்தலும்: கடைப் பேரேட்டுப் பக்கத்தின் படத்தைக் கொண்டு கடன் தொகையைக் கூட்டும் முறை

மளிகைக் கடைகளிலும் துணிக் கடைகளிலும் உரக் கடைகளிலும் வாடிக்கையாளரின் கடன் கணக்கு இன்றும் பெரும்பாலும் கோடிட்ட நோட்டில் கையால்தான் எழுதப்படுகிறது. அந்த நோட்டைக் கடையிலிருந்து எடுத்துச் செல்ல இயலாத நிலையில், ஒரு பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து, கணக்கு எழுதுபவருக்கோ பங்காளிக்கோ பாக்கி குறித்து ஐயம் எழுப்பும் வாடிக்கையாளருக்கோ அனுப்புவது வழக்கமாகிவிட்டது. படத்தைப் பெறுபவரின் பணி, கடன் பதிவுகளைக் கூட்டிச் சொல்வதும், அடிக்கப்பட்ட தொகைகளையும் தெளிவற்ற தொகைகளையும் தனியே குறித்துக் காட்டுவதும் ஆகும். இப்பணி ஒரே ஓர் எண்ணைத் தருவதோடு முடிந்துவிடுவதில்லை என்பதும், எவ்வளவு தொகை ஐயமின்றிப் படிக்கப்பட்டது, எவ்வளவு ஊகத்தால் சேர்ந்தது என்பதைப் பிரித்துக் காட்டும்போதுதான் அது பயன்படத்தக்க சரிபார்ப்பாகிறது என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

எதைக் கூட்டுவது

முதல் சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. 'கிரெடிட்டில் வாங்கினார்' என்று சொல்லும்போது கிரெடிட் என்பது கடனைக் குறிக்கிறது. 'கணக்கில் கிரெடிட் ஆகிவிட்டது' என்று சொல்லும்போது அதே சொல் வந்து சேர்ந்த பணத்தைக் குறிக்கிறது. தமிழ்க் கணக்கு மரபில் இக்குழப்பத்துக்கு இடமில்லை. வாடிக்கையாளர் கடனாக எடுத்துச் சென்ற பொருளின் விலை அவருடைய 'பற்று'; அவர் கொண்டுவந்து கட்டிய பணம் 'வரவு'; பற்றிலிருந்து வரவைக் கழித்தால் எஞ்சுவது 'பாக்கி' அல்லது 'நிலுவை'. பழைய கணக்கேடுகளில் பற்றுக்கும் வரவுக்கும் தனித்தனிக் குறியீடுகள் இருந்தன. ௶ என்பது பற்றையும் ௷ என்பது வரவையும் குறித்தன. மேற்படி என்பதற்கு ௸ என்ற குறியும், ரூபாய்க்கு ௹ என்ற குறியும் வழங்கின. எனவே 'கிரெடிட் பதிவுகளைக் கூட்டுக' என்று கேட்கப்படும்போது, கேட்பவர் பற்றைக் கருதுகிறாரா வரவைக் கருதுகிறாரா என்பதைக் கூட்டத் தொடங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். இக்கட்டுரையில் கடன் பதிவு என்பது பற்றையே குறிக்கிறது.

சிறிய கடைகளின் நோட்டுகளில் பற்றுக்கும் வரவுக்கும் தனித்தனிப் பத்திகள் எப்போதும் இருப்பதில்லை. ஒரே பத்தியில் பொருள்களின் தொகைகளுக்கு நடுவே 'வரவு 1,000' என்றோ, 'வ' என்ற ஒற்றை எழுத்துடனோ கட்டிய பணம் எழுதப்பட்டிருக்கும். இதைக் கவனியாமல் பத்தி முழுவதையும் கூட்டிவிட்டால், கழிக்க வேண்டிய ஆயிரம் கூட்டப்பட்டுப் பாக்கியில் இரண்டாயிரம் பிசகிவிடும். பிசகு ஏதேனும் ஒரு பதிவின் சரியாக இரு மடங்காக இருக்குமானால், அப்பதிவு பக்கம் மாறிச் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது கணக்கர்களின் நெடுநாளைய வழக்கம்.

படம் மறைப்பவை

நோட்டைக் கையில் வைத்துப் படிப்பதற்கும் படத்தில் படிப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு, தொகைப் பத்தி அமைந்திருக்கும் இடத்திலிருந்து பிறக்கிறது. தொகைகள் வரியின் வலக்கோடியில் எழுதப்படுவதால், விரித்த நோட்டின் இடப்பக்கத்தில் அவற்றின் கடைசி இலக்கங்கள் தைத்த மடிப்பை ஒட்டி விழுகின்றன. அங்கே தாள் வளைவதால் நிழல் படிந்து எண்கள் நெருங்கித் தோன்றும். வலப்பக்கத்திலோ அதே கடைசி இலக்கங்கள் வெளியோரத்தில் இருப்பதால், நோட்டைப் பிடித்திருக்கும் விரலாலோ படத்தின் விளிம்பாலோ மறைந்துபோகும். இரு நிலையிலும் இழக்கப்படுவது கடைசி இலக்கமே என்பதால், 1,350 என்ற தொகை 135 என்று படிக்கப்படும் அபாயம் உண்டு. பக்கத்தின் நான்கு மூலைகளும் தெரியாத படத்தை முழுமையானதாகக் கொள்ளக் கூடாது என்ற விதி இதனால்தான் தேவைப்படுகிறது.

கைபேசியில் உள்ள, ஆவணத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும் வசதியும் தீங்கு செய்வதுண்டு. அது எழுத்தை எடுப்பாகக் காட்டுவதற்காக மங்கிய கோடுகளைத் தாளின் நிறத்தோடு சேர்த்து வெளுத்துவிடுகிறது. அவ்வாறு வெளுத்துப்போகும் கோடு ஒரு தொகையை அடித்த மெல்லிய கோடாக இருக்கலாம். நீல மையில் எழுதிய பதிவைச் சிவப்பு மையில் அடித்திருந்தால், நிறமுள்ள படத்தில் அது ஒரே பார்வையில் புலப்படும். நிறம் நீக்கிய படத்தில் இரு மைகளும் ஒன்றாகிவிடும். ஆகவே சரிபார்ப்புக்கு மூல நிறப் படமே வேண்டும். அதனோடு, விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்திப் பிடித்து எடுத்த இரண்டாவது படம் ஒன்றும் இருந்தால், பந்துமுனைப் பேனா தாளில் அழுந்திய பள்ளங்களும், அழித்த இடத்தில் தாளின் சொரசொரப்பும் நிழலாகத் தெரியும்.

மெல்லிய தாளில் பின்பக்கத்து மை ஊறி முன்பக்கத்தில் தோன்றுவதும், நோட்டின் அச்சுக் கோடு எண்ணின் நடுவே செல்வதும் அடித்தல் போன்ற தோற்றத்தைத் தரும். அச்சுக் கோடு எண்ணுக்கு இருபுறமும் பக்கத்தின் ஓரம்வரை ஒரே சீராகத் தொடரும். அடித்த கோடு எண்ணின் அருகே தொடங்கி அருகிலேயே முடியும், சற்றே சாயும், பேனாவின் தடிப்பும் கொண்டிருக்கும். பின்பக்கத்து மையோ இடவலம் மாறித் தோன்றுவதால், பின்பக்கத்தின் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒப்பிட்டால் தெளிவாகிவிடும்.

எண்ணைப் படித்தல்

கையெழுத்தில் 1 என்பதும் 7 என்பதும், 3 என்பதும் 8 என்பதும், 4 என்பதும் 9 என்பதும், 0 என்பதும் 6 என்பதும் மயங்கக் கூடியவை. இம்மயக்கத்தைப் பொது விதியால் தீர்க்க முடியாது. அதே பக்கத்தில் அதே கை எழுதிய ஐயமற்ற எண்களோடு ஒப்பிட்டே தீர்க்க வேண்டும். இதற்குச் சிறந்த மாதிரி தேதிப் பத்தியில் கிடைக்கிறது. 16ஆம் தேதிக்கும் 18ஆம் தேதிக்கும் நடுவில் எழுதப்பட்டிருப்பது 17 ஆகத்தான் இருக்க முடியும் என்பதால், எழுதியவரின் 1, 7 ஆகிய இரு வடிவங்களும் அங்கேயே சான்றோடு கிடைத்துவிடுகின்றன.

இலக்கம் அல்லாத குறிகள் இலக்கமாக மாறிவிடுவதும் அடிக்கடி நேர்வதாகும். 250/- என்று எழுதும்போது சாய்கோடு நிமிர்ந்துவிட்டால் அது 2501 போலத் தோன்றும். ரூபாய்க்கும் பைசாவுக்கும் இடையே அச்சிட்ட செங்குத்துக் கோடு மங்கியிருந்தால், 125 ரூபாய் 50 பைசா என்பது 12550 ஆகிவிடும். பக்கத்தின் தலைப்பில் இடப்படும் பிள்ளையார் சுழியாகிய 'உ', தமிழ் எண்ணில் இரண்டைக் குறிக்கும் ௨ என்ற வடிவத்தை ஒத்திருப்பதால், தமிழ் எண்களில் எழுதப்பட்ட பழைய ஏடுகளில் தனிக் கவனம் வேண்டும். அவ்வேடுகள் 1957 ஏப்ரல் 1க்கு முற்பட்டவையாக இருந்தால் பத்துப் பத்தாகக் கூட்டும் முறையும் பொருந்தாது. அன்றுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணாவும் ஓர் அணாவுக்கு 12 பையும் கணக்கு.

ஒரு கோட்டின் நான்கு பொருள்கள்

இப்பணியில் மிகவும் தவறாகக் கையாளப்படுவது அடித்தல்தான். அடிக்கப்பட்டது என்றால் நீக்கப்பட்டது என்று கொண்டு, அத்தொகையைக் கூட்டாமல் விட்டுவிடுவது பொதுவான போக்கு. ஆனால் கணக்கேட்டில் ஒரு கோடு குறைந்தது நான்கு செய்திகளில் ஏதேனும் ஒன்றைச் சொல்லலாம். பதிவே தவறு என்று நீக்கியிருக்கலாம். தொகை தவறு என்று அடித்து மேலே வேறு தொகை எழுதியிருக்கலாம். கடன் கட்டி முடிக்கப்பட்டதால் அடித்திருக்கலாம். அல்லது அப்பதிவு இன்னொரு ஏட்டில் ஏற்றப்பட்டுவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கோடிட்டிருக்கலாம்.

நான்காவது பொருள் மிகப் பழமையானது. 1494இல் வெனிசில் அச்சான தமது கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கிய லூக்கா பச்சோலி, நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தபடியே எழுதும் முதற்குறிப்பேட்டிலிருந்து ஒரு பதிவை நாளேட்டுக்கு எடுத்து எழுதியதும், குறிப்பேட்டில் அதன் மீது சாய்வாக ஒரு கோடு இட வேண்டும் என்று வகுத்தார். நாளேட்டிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றும்போது, பற்றுக்கு ஒன்றும் வரவுக்கு ஒன்றுமாக இரு கோடுகள் இடப்பட்டன. அங்கே கோடு என்பது நீக்கத்தின் அடையாளம் அன்று. பதிவு உரிய இடத்தைச் சேர்ந்துவிட்டது என்பதன் உறுதி. அன்றாட வியாபாரத்தைச் சிட்டையில் குறித்து, இரவில் பேரேட்டில் ஏற்றும் கடைகளிலும் இதே முறையில் சிட்டை வரிகள் அடிக்கப்படுகின்றன.

கோட்டின் பொருளைப் பொறுத்துக் கூட்டும் முறையும் மாறுகிறது. தவறென்று நீக்கிய பதிவைப் பற்றில் சேர்க்கக் கூடாது. திருத்திய பதிவில் பழைய தொகைக்குப் பதிலாகப் புதிய தொகையைச் சேர்க்க வேண்டும். கட்டி முடித்ததால் அடித்த பதிவோ மொத்தப் பற்றில் இடம்பெறும், பாக்கியில் இடம்பெறாது. பொருள் உண்மையில் போயிற்று, பணமும் வந்துவிட்டது என்பதால் அதைப் பற்றிலிருந்தும் நீக்கினால் கடையின் கடன் விற்பனை குறைந்து காட்டப்படும். வேறு ஏட்டில் ஏற்றியதால் அடித்த பதிவு முழுமையாகச் செல்லும். ஆனால் அதை இரு ஏடுகளிலும் கூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கோடு எத்தகையது என்பதற்கு வடிவத்திலிருந்து சில குறிப்புகள் கிடைக்கின்றன. தவறும் திருத்தமும் பெரும்பாலும் எண்ணின் மீதே கிடையாகச் செல்லும். கட்டி முடித்ததற்கான கோடு தேதி தொடங்கித் தொகைவரை வரி முழுவதையும், சிலபோது பல வரிகளையும் சேர்த்துச் சாய்வாகச் செல்லும். அருகில் 'பைசல்' என்றோ 'தீர்ந்தது' என்றோ கட்டிய தேதியோ இருக்கும். இவை குறிப்புகளே ஒழிய விதிகள் அல்ல. ஆகவே அடிக்கப்பட்ட தொகை படிக்கத்தக்கதாக இருக்கும்வரை அதைப் பட்டியலிலிருந்து விலக்காமல், அடிக்கப்பட்டது என்ற குறிப்புடன் எழுதி வைப்பதே முறை. கல்வெட்டுகளையும் பழஞ்சுவடிகளையும் பதிப்பிப்போர் சிதைந்த எழுத்தையும் அழிக்கப்பட்ட எழுத்தையும் வெவ்வேறு அடைப்புகளால் காட்டுவது போன்றதே இதுவும்.

ஒரு பக்கத்தின் கணக்கு

மேற்கூறியவற்றை விளக்குவதற்காக அமைத்துக்கொண்ட ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். மளிகைக் கடையொன்றில் ஒரு வாடிக்கையாளரின் பெயரில் பற்றுப் பத்தியில் ஒன்பது வரிகள் உள்ளன.

| வரி | விவரம் | தொகை (ரூ.) | நிலை |
|---|---|---|---|
| 1 | முன் பாக்கி | 1,240 | தெளிவு |
| 2 | அரிசி 25 கிலோ | 1,350 | தெளிவு |
| 3 | துவரம் பருப்பு 2 கிலோ | 340 | தெளிவு |
| 4 | கடலை எண்ணெய் 2 லிட்டர் | 560 அடித்து, மேலே 520 | திருத்தம் |
| 5 | சர்க்கரை 5 கிலோ | 225 | தெளிவு |
| 6 | சீரகம், சோம்பு | 115 அல்லது 175 | ஐயம் |
| 7 | மிளகாய், மல்லி | 410 | அடித்தல் |
| 8 | ரவை, மைதா | 180 | தெளிவு |
| 9 | சோப்பு | 96 | தெளிவு |

பத்தியின் அடியில் கடைக்காரர் 4,126 என்று கூட்டி எழுதியிருக்கிறார். அதன் கீழே வரவு 1,000, பாக்கி 3,126 என்று இருக்கிறது. ஆறாம் வரியில் நடு இலக்கத்தின் மேற்பகுதியில் எண்ணெய் படிந்து மை பரவியிருப்பதால், தேதிப் பத்தியின் மாதிரிகளோடு ஒப்பிட்டும் அது 1 என்றோ 7 என்றோ முடிவு செய்ய இயலவில்லை என்று கொள்வோம்.

சரிபார்ப்பவர் முதலில் அடியில் உள்ள கூட்டுத்தொகையைப் பார்க்காமல், தெளிவான ஆறு வரிகளை மட்டும் கூட்ட வேண்டும், அது 3,431. ஐயத்துக்கு இடமான மூன்று வரிகளிலும் குறைந்த அளவுகளை, அதாவது 520, 115, சுழியம் ஆகியவற்றைச் சேர்த்தால் 4,066 வரும். கூடிய அளவுகளான 560, 175, 410 ஆகியவற்றைச் சேர்த்தால் 4,576 வரும். இப்பக்கத்தின் பற்று இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்பதுதான் படத்தை மட்டும் கொண்டு உறுதியாகச் சொல்லத்தக்கது.

இதன் பிறகே கடைக்காரரின் கூட்டுத்தொகையை எடுக்க வேண்டும். மூன்று ஐயங்களுக்கும் இரண்டிரண்டு வழிகள் இருப்பதால் எட்டுக் கூட்டுத்தொகைகள் சாத்தியமாகின்றன. ஏழாம் வரியை விட்டால் 4,066, 4,106, 4,126, 4,166 ஆகியவையும், அதைச் சேர்த்தால் 4,476, 4,516, 4,536, 4,576 ஆகியவையும் வருகின்றன. எட்டும் வெவ்வேறானவை என்பதால், 4,126 என்பது ஒரே ஒரு வாசிப்போடுதான் பொருந்துகிறது: எண்ணெய் 520, சீரகம் 175, அடித்த 410 சேரவில்லை. மேலும், கூட்டுத்தொகை எழுதப்பட்டபோதே ஏழாம் வரி கணக்கில் இல்லை என்பதும் இதனால் தெரிகிறது. எனவே அது கூட்டுவதற்கு முன்னரே அடிக்கப்பட்டிருக்க வேண்டும். அடியில் 4,536 என்று இருந்திருந்தால், அந்த 410 முதலில் கூட்டப்பட்டுப் பின்னர் அடிக்கப்பட்டது என்று தெரிந்திருக்கும்; அப்போது அக்கோடு பணம் கட்டியதைக் குறிக்கிறதா, கணக்கு முடிந்தபின் செய்த மாற்றத்தைக் குறிக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கும். எட்டில் எதனோடும் பொருந்தாத ஒரு தொகை இருந்திருந்தால், கடைக்காரர் கூட்டலில் பிசகியிருக்க வேண்டும், அல்லது தெளிவானது என்று கொண்ட வரிகளில் ஒன்று தவறாகப் படிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இங்கே ஒரு சுழல் வாதத்தைத் தவிர்க்க வேண்டும். கூட்டுத்தொகையை வைத்து ஆறாம் வரியை 175 என்று படித்துவிட்டு, வரிகளோடு பொருந்துவதால் கூட்டுத்தொகை சரி என்று சொல்வது எதையும் நிறுவுவதாகாது. ஆகவே அவ்வரிக்கு எதிரே '175, கூட்டுத்தொகையிலிருந்து ஊகித்தது' என்று எழுத வேண்டும். நான்காம் வரிக்கோ வேறு வழியிலும் சான்று தேடலாம். 520 என்பது லிட்டர் 260 ரூபாய். 560 என்பது லிட்டர் 280 ரூபாய். அதே வாரத்தில் வேறு வாடிக்கையாளரின் பக்கத்தில் அதே எண்ணெய் என்ன விலைக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் திருத்தத்தின் காரணம் விளங்கிவிடும். ஆறாம் வரியில் நிறை குறிக்கப்படாததால் இவ்வழி அதற்கு உதவாது.

ஒன்பதின் சோதனையும் அதன் எல்லையும்

அடுத்த பக்கத்தின் படமும் கிடைத்து, அதன் தலைப்பில் முன் பாக்கி 3,216 என்று இருப்பதாகக் கொள்வோம். முந்திய பக்கத்தின் பாக்கி 3,126 என்பதால் வேறுபாடு 90. இரு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டால் ஏற்படும் வேறுபாடு எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும்; இங்கே 1, 2 ஆகிய இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. கடைசி இலக்கமான சுழியம் மறைந்து 1,350 என்பது 135 ஆகும்போது வரும் 1,215 என்ற வேறுபாடும் ஒன்பதால் வகுபடுவதே. ஆயினும் ஒன்பதால் வகுபடும் வேறுபாடு எல்லாம் இடமாற்றத்தால் வந்தவை என்று கொள்ளலாகாது. எத்தகைய பிசகும் தற்செயலாக ஏறத்தாழ ஒன்பதில் ஒரு முறை அவ்வாறு வகுபடக் கூடும். தேட வேண்டிய இடத்தைச் சுட்டுவதோடு இச்சோதனையின் வேலை முடிகிறது. ஒரு வரியில் கூடுதலாகவும் இன்னொரு வரியில் அதே அளவு குறைவாகவும் படித்துவிட்டால், அதை எந்தக் கூட்டல் சோதனையும் காட்டாது. இருவர் தனித்தனியே படித்து எழுதிப் பின் வரிக்கு வரி ஒப்பிடுவதே அதற்குரிய வழி.

பக்கத்துக்கு வெளியே

அடித்தல் திருத்தல்களைக் குறித்து வைக்கும் கடமை சட்டத்துக்கும் புதிதன்று. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, அடித்தலோ திருத்தலோ இடைச்செருகலோ உள்ள ஆவணத்தில் எழுதிக்கொடுப்பவர்கள் அவற்றுக்கு எதிரே கையொப்பமோ சுருக்கொப்பமோ இட்டிராவிட்டால், பதிவு அலுவலர் அதை ஏற்க மறுக்கலாம். கடை நோட்டுக்கு அப்படிப்பட்ட கட்டாயம் இல்லாததால்தான் மேற்கண்ட பக்கத்தின் நான்காம், ஏழாம் வரிகளில் யார் அடித்தார், எப்போது அடித்தார் என்பதற்கு அடையாளம் இல்லை.

கணக்கேட்டின் சான்று மதிப்புக்கும் எல்லை உண்டு. தொழில் நடைமுறையில் ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புத்தகத்தின் பதிவுகள் வழக்கில் ஏற்கத்தக்கவை என்றும், ஆனால் அவை மட்டுமே ஒருவரைக் கடனாளி என்று தீர்க்கப் போதா என்றும் 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் இவ்விதியைத் தொடர்கிறது. வி. சி. சுக்லா வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம், சேர்த்துத் தைத்த தாள்களே புத்தகம் ஆகும், உதிரித் தாள்கள் ஆகா என்று விளக்கியது. நோட்டின் ஒரு பக்கத்து நிழற்படம் அந்நோட்டைத் தேடிச் செல்ல வழிகாட்டுமே தவிர அதற்கு ஈடாகாது என்பதை இதனோடு சேர்த்து எண்ணலாம்.

எடுத்துக்கொண்ட பக்கத்துக்கு எழுதத்தக்க அறிக்கை இவ்வாறு அமையும்: தெளிவாகப் படிக்கப்பட்ட பற்று ரூ. 3,431; அடியில் எழுதிய கூட்டுத்தொகையை ஏற்றால் பற்று ரூ. 4,126, பாக்கி ரூ. 3,126, நான்காம் வரி திருத்தப்பட்டது, ஒப்பம் இல்லை, ஆறாம் வரி ஊகம், ஏழாம் வரியின் ரூ. 410 கூட்டுவதற்கு முன் அடிக்கப்பட்டது, காரணம் எழுதப்படவில்லை. அடுத்த பக்கத்தில் முன் பாக்கி ரூ. 90 கூடுதலாக ஏறியிருக்கிறது. அந்த மிளகாயும் மல்லியும் கடையைவிட்டுப் போயினவா, எடுத்துக் கட்டியபின் வேண்டாமென்று திருப்பி வைக்கப்பட்டனவா, உடனே காசு கொடுக்கப்பட்டதா என்பதை இப்பக்கம் சொல்லாது. வாடிக்கையாளரின் வீட்டில் அவரிடமே ஒரு பாக்கி நோட்டு இருந்து, கடைக்காரர் அதிலும் அன்றன்று எழுதிக் கொடுத்திருந்தால், அதே தேதியில் அதே வரி அங்கே அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரிபார்ப்பவர் அடுத்துக் கேட்க வேண்டியது.